56 நொடியில் கடைசி நிறுத்தம்

புதிதாகப் பயணச் சேனல் தொடங்குகிற பலர், சேனலின் டிரைலரைத்தான் எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதுகிறார்கள். கேமரா வாங்கியாகிவிட்டது, நான்கு ஊர் போய் வந்தாகிவிட்டது, லோகோவும் தயார். ஒரு நிமிடத்துக்கு ஏதாவது பேசி ஏற்றிவிடலாம் என்று உட்காருகிறார்கள். அந்தச் சேனலில் எழுத வேண்டியவற்றிலேயே கடினமானது அந்த ஒரு நிமிடம்தான். கொல்லிமலையைப் பற்றித் தேடி வருகிறவருக்குக் கொல்லிமலை மேல் ஏற்கெனவே ஆர்வம் இருக்கிறது. நீங்கள் சுமாராகப் பேசினாலும் மலைக்காகப் பொறுத்துக்கொள்வார். டிரைலர் பார்க்கிறவருக்கு அப்படி எந்த ஆர்வமும் கிடையாது. உங்கள் பெயர் தெரியாது, குரல் தெரியாது, எதற்காக ஊர் சுற்றுகிறீர்கள் என்றும் தெரியாது.

அவர் யார், எப்படி வருகிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். யூடியூபில் ஒரு சேனலின் முகப்புப் பக்கத்து உச்சியில் இரண்டு வீடியோக்களைத் தனித்தனியாக அமர்த்தலாம். சந்தா செய்தவர் வந்தால் ஒன்று தெரியும், செய்யாதவர் வந்தால் மற்றொன்று தெரியும். டிரைலர் என்பது இந்த இரண்டாவது ஆளுக்கானது. ஸ்டூடியோவில் Customization என்ற பகுதிக்குள் இதற்கான இடம் இருக்கிறது. ஆக, டிரைலரைப் பார்க்கிறவர் உங்கள் அத்தை மகன் இல்லை, கல்லூரித் தோழர் இல்லை. எங்கோ உங்கள் குறு வீடியோ ஒன்றைப் பார்த்து, 'யார் இது?' என்று சேனல் பெயரைத் தொட்டு உள்ளே வந்தவர். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் கீழே இறங்கி இன்னொரு வீடியோவைத் திறப்பார். கிடைக்காவிட்டால் போய்விடுவார்.

சினிமா டிரைலரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இங்கே ஒரு பழக்கம் குறுக்கே நிற்கிறது. சினிமா டிரைலர் ஒரே ஒரு முறை பார்க்கப்போகும் படத்துக்கு ஆள் கூப்பிடுகிறது. அதனால் முக்கியமானதை மறைக்கிறது, புதிர் போடுகிறது, இசையை ஏற்றி வெட்டுகிறது. சேனல் டிரைலர் கூப்பிடுவது மறுபடியும் மறுபடியும் வருவதற்கு. அடுத்த வாரமும் அதற்கடுத்த மாதமும் இங்கே என்ன கிடைக்கும் என்பதை அது ஒளிவுமறைவில்லாமல் சொல்லியாக வேண்டும். டிரோன் காட்சிகளை அடுக்கி, இடிமுழக்க இசை போட்டு முடிக்கும் பயண டிரைலர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். பார்த்தவருக்கு அருவி அழகாக இருந்தது நினைவிருக்கும். அந்தச் சேனல் எதைச் செய்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு சேனலை எடுத்துக்கொண்டு முழுதாக எழுதிப் பார்ப்போம். மயிலாடுதுறைப் பக்கத்து இளைஞர் ஒருவர், சொந்த வாகனம் இல்லாதவர், அரசுப் பேருந்தில் மட்டுமே போகும் பயணச் சேனல் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏதாவது ஒரு பேருந்தில் ஏறி, அது திரும்புகிற கடைசி ஊரில் இறங்கி, ஒரு இரவு தங்கிவிட்டு வருவார். சேனலுக்கு 'கடைசி நிறுத்தம்' என்று பெயர். வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரை, நாமக்கல் பக்கத்திலிருந்து கொல்லிமலை, பொன்னேரியிலிருந்து பழவேற்காடு என்று மூன்று ஊர் போய்ப் படமெடுத்துவிட்டார்.

அவருடைய முதல் வரைவு அநேகமாக இப்படி இருக்கும்: "வணக்கம் மக்களே! நான் உங்கள் நண்பன். எனக்குச் சின்ன வயசுல இருந்தே ட்ராவல்னா உயிர். இந்த சேனல்ல நம்ம தமிழ்நாட்டோட அழகான இடங்கள், உணவு, கலாச்சாரம், யாருக்கும் தெரியாத ரகசிய இடங்கள் எல்லாத்தையும் பாக்கப்போறோம். உங்க ஆதரவு ரொம்ப முக்கியம். மறக்காம லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, சப்ஸ்கிரைப் பண்ணி பெல் பட்டனை அழுத்துங்க!"

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை அப்படியே எடுத்து வேறொருவர் சேனலில் ஒட்டினாலும் பொருந்தும். எழுதியதைச் சோதிக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி இதுதான். பேசுகிறவரின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பயணச் சேனல்காரரின் பெயரைப் போட்டு வாசித்துப் பாருங்கள். எந்த வரி தடங்கல் இல்லாமல் பொருந்துகிறதோ அந்த வரியை அடித்துவிடுங்கள். மேலே உள்ள வரைவில் எல்லா வரியும் போய்விடும். அரசுப் பேருந்து, கடைசி ஊர், ஒரு இரவு என்ற மூன்றுதான் இவருடைய சொத்து. மூன்றுமே வரைவில் இல்லை.

வணக்கம் சொல்லக் கூடாதா என்று கேட்பார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் வணக்கம் சொல்வது நம் மரபுதான். வழக்கமான வீடியோக்களில் தாராளமாகச் சொல்லலாம், அங்கே உங்களுக்காக வந்தவர் இருக்கிறார். டிரைலரில் மட்டும் முதல் ஐந்து நொடியை அதற்குக் கொடுக்க முடியாது. லோகோ சுழன்று வந்து நிற்கும் முகப்பு அசைவையும் கொடுக்க முடியாது. சேனலின் பெயரும் படமும் அதே பக்கத்தில், வீடியோவை ஒட்டியே இருக்கின்றன. பார்ப்பவர் அவற்றைப் பார்த்துவிட்டார்.

எத்தனை சொல் கொள்ளும்?

ஒரு நிமிடத்துக்குள் என்றால் எவ்வளவு பேசலாம்? ஆங்கிலத்தில் பின்னணிக் குரலுக்கு நிமிடத்துக்கு 150 சொல் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் மூச்சு முட்டும். 'தங்கிட்டு', 'பண்ணிக்கோங்க', 'பலாப்பழத்தோட' என்று நம்முடைய ஒவ்வொரு சொல்லும் இரண்டு மூன்று வேலையைச் சேர்த்துச் சுமக்கிறது. நிதானமாக, கேட்பவருக்குப் புரியும்படி பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் வரும். நம் டிரைலரில் பேச்சே இல்லாமல் பேருந்துச் சத்தமும் கரைச் சத்தமும் மட்டும் கேட்கும் இடங்கள் வேண்டும். அவற்றுக்குப் பதினைந்து பதினெட்டு நொடி ஒதுக்கினால், எழுத்துக்கு மிஞ்சுவது 70 சொல்தான்.

70 சொல்லில் வாழ்க்கை வரலாறு சொல்ல முடியாது. வேலையை விட்டது, வீட்டில் திட்டியது, நண்பன் கேமரா வாங்கிக் கொடுத்தது எல்லாம் மனதுக்கு நெருக்கமான விஷயங்கள். சேனலோடு பழகியவருக்கு அவை பிடிக்கும், பின்னால் தனி வீடியோவாகவே போடலாம். முன்பின் தெரியாதவருக்கு இப்போதைக்குத் தேவை நான்கு பதில்கள். இங்கே என்ன நடக்கும், யார் கூட்டிப்போகிறார், எனக்கு இதில் என்ன பயன், அடுத்தது எப்போது.

சுருக்கத்துக்கு அஞ்சத் தேவையில்லை. யூடியூபில் ஏறிய முதல் வீடியோ, 2005 ஏப்ரல் 23 அன்று ஜாவேத் கரீம் ஏற்றியது, 19 நொடிதான். சான் டியேகோ விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, அவற்றின் தும்பிக்கையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறார். எங்கே நிற்கிறார், எதைக் காட்டுகிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

எழுத்து எங்கே தொடங்குகிறது

தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதுக்குக் கேட்பது. இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைச் சொன்னால் ஒன்று வீண். உப்பளத்தைக் காட்டிக்கொண்டே "இது உப்பளம்" என்று சொல்வதில் இரண்டு நொடி போகிறது. இந்தக் கோடு போட்ட தாளில் எழுதத் தொடங்கினாலே பாதிப் பேச்சு தானாக உதிர்ந்துவிடும்.

முதல் 5 நொடி. காட்சி: ஓட்டுநரின் தோளுக்குப் பின்னாலிருந்து, முன் கண்ணாடி வழியே சாலை, தூரத்தில் வெள்ளைக் குவியலாக உப்பு. ஒலி: என்ஜின், நடத்துநரின் விசில், பிறகு அவருடைய குரல்: "கோடிக்கரை! கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் எறங்குங்க." நம் ஆள் இன்னும் வாயே திறக்கவில்லை. ஆனால் பேருந்து, கடைசி நிறுத்தம் என்ற இரண்டும் சொல்லியாகிவிட்டது. அதுவும் அன்றாடம் அதைச் சொல்கிறவரின் வாயால். இதை நடிக்கச் சொல்லி எடுத்தால் உடனே தெரிந்துவிடும். அவரிடம் முன்னதாகவே பேசி, ஒப்புதல் வாங்கி, அவர் வழக்கமாகச் சொல்லும்போது பதிவுசெய்ய வேண்டும். சாதாரண வீடியோ நாளடைவில் கீழே போய்விடும். டிரைலரில் வரும் முகமோ மாதக்கணக்கில் சேனலின் வாசலில் நிற்கும். அதனால் "டிரைலரில் போடப் போகிறேன்" என்றே தெளிவாகச் சொல்லிக் கேட்பது முறை.

5 முதல் 13 நொடி வரை. காட்சி: காலியான பேருந்து வட்டமடித்துத் திரும்புகிறது, புழுதி. பையோடு ஓர் இளைஞர் நிற்பது முதுகுப்பக்கமிருந்து தெரிகிறது. குரல்: "பஸ் இங்கேயே திரும்பிரும். இதுக்கு மேல போகாது. பஸ் முடியுற எடத்துலதான் நம்ம வீடியோ ஆரம்பிக்குது." மொத்தம் 12 சொல். சேனலின் கரு இந்த மூன்றாவது வாக்கியம். இதை எழுதி முடித்த பிறகுதான் மற்ற எதையும் எழுத வேண்டும். இந்த ஒரு வாக்கியம் வராவிட்டால் சிக்கல் எழுத்தில் இல்லை. சேனல் எதைச் செய்யப்போகிறது என்று இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

13 முதல் 28 நொடி வரை மூன்று ஊர், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நொடி. ஏன் மூன்று? ஒன்றே ஒன்று காட்டினால் அது கோடிக்கரைச் சேனலாகத் தெரியும். ஏழெட்டுக் காட்டினால் எதுவும் மனதில் தங்காது. கடல், மலை, ஏரி என்று நிலம் மாறவேண்டும், பேருந்து மட்டும் மாறாமல் வரவேண்டும். மூன்றாவது முறையும் அதே மாதிரி பேருந்தைப் பார்க்கும்போது, இது இங்கே வழக்கம் என்று பார்ப்பவருக்கே புரிந்துவிடும். குரல்: "கோடிக்கரையில விடியக்காலை மீன் ஏலம். கொல்லிமலைக்கு எழுபது வளைவு ஏறுற பஸ், பலாப்பழத்தோட எறங்கும். பழவேற்காட்டு ஏரியில கையாலயே எறால் பிடிக்கிறாங்க." 16 சொல்தான், 15 நொடி இருக்கிறது. மிஞ்சிய இடம் ஏலக் குரலுக்கும், கியர் மாற்றும் ஓசைக்கும், தண்ணீர்ச் சத்தத்துக்கும்.

இந்த மூன்றிலும் மனிதர் ஏதோ வேலை செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. சூரியோதயமும் அருவியும் எல்லாச் சேனலிலும் ஒரே மாதிரிதான் தெரியும். ஓர் ஊரில் இறங்கி ஒரு இரவு தங்கியவரால் மட்டுமே காட்ட முடிந்தது அங்கே காலை நான்கு மணிக்கு நடக்கும் வேலை. கொல்லிமலையில் கடைசி வளைவில் '70/70' என்று எழுதிய பலகை இருக்கிறது. அதை இரண்டு நொடி முழுதாகக் காட்டினால் போதும். மலையின் உயரத்தைச் சொல்ல டிரோன் வேண்டியதில்லை.

இந்தக் காட்சிகள் ஒரே பயணத்தில் கிடைக்காது. வேதாரண்யத்தில் உப்புக் குவிவது வெயில் மாதங்களில். கோடிக்கரையில் பூநாரைகள் வருவதோ மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில். கொல்லிமலைப் பலாவுக்கும் ஒரு பருவம் இருக்கிறது. எனவே டிரைலருக்கென்று தனியாகப் படமெடுக்கக் கிளம்ப வேண்டாம். ஒவ்வொரு பயணத்திலும் ஐந்து நொடி அசையாமல் பிடித்த நான்கைந்து காட்சிகளை இதற்காக ஒதுக்கி வைத்துக்கொண்டே வர வேண்டும். கோடிக்கரை சரணாலயத்துக்குள் வெளிமானையோ பறவையையோ எடுக்க வேண்டுமென்றால் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். அனுமதியில்லாத காட்சி ஒன்று வாசலிலேயே இருப்பது பெரிய தொல்லை.

கோடிக்கரை என்றதும் 'பொன்னியின் செல்வன்' நினைவுக்கு வராத தமிழ் வாசகர் குறைவு. பூங்குழலி படகு விட்ட கரை என்று ஒரு வரி போட்டால் பார்ப்பவர் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார். எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய ஆசை இருக்க முடியாது. ஆனாலும் இந்த டிரைலரில் அதைச் சேர்க்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. அந்த வரியைக் கேட்டுச் சந்தா செய்கிறவர் சோழர் வரலாறு கேட்க வருகிறார். அடுத்த வீடியோவில் பொன்னேரிப் பேருந்தும் எறாலும் வந்தால் அவர் ஏமாந்துபோவார். கோடிக்கரை வீடியோவுக்குள் பூங்குழலி வரட்டும், அங்கே அவளுக்கு உரிய இடம் இருக்கிறது. டிரைலர் எதை வாக்களிக்கிறதோ அதை ஒவ்வொரு வீடியோவும் தந்தாக வேண்டும்.

28 முதல் 43 நொடி வரை. இப்போதுதான் முகம். பேருந்து இருக்கையில் ஜன்னலோரம், கேமராவைப் பார்த்து: "நான் குமார். சொந்த வண்டி கெடையாது. கவர்மென்ட் பஸ்ல ஏறி, கடைசி ஸ்டாப்புல எறங்கி, ஒரு ராத்திரி தங்கிட்டு வருவேன். எந்த பஸ், எத்தனை மணிக்கு, எங்க தங்குறது, என்ன செலவு, எல்லாம் வீடியோல இருக்கும்." குமார் என்பது எழுதிப் பார்க்க வைத்த பெயர். 26 சொல். முகம் இவ்வளவு தாமதமாக வரலாமா என்றால், வரலாம். அரை நிமிடம் அவர் கண் வழியே பார்த்தவருக்கு, அந்தக் கண் யாருடையது என்று தெரிந்துகொள்ளும் விருப்பம் அந்த நேரத்தில்தான் எழுகிறது.

கடைசி வாக்கியம் பார்ப்பவருக்கான பயனைச் சொல்கிறது. பயணச் சேனல் பார்ப்பவர்களில் ஒரு பகுதியினர் போக முடியாதவர்கள், வீட்டில் இருந்தபடியே ஊரைப் பார்க்க விரும்புகிறவர்கள். இன்னொரு பகுதியினர் அடுத்த மாதம் உண்மையிலேயே கிளம்பப்போகிறவர்கள். முதலாமவருக்கு மீன் ஏலமும் பலாப்பழமும் போதும். இரண்டாமவருக்குப் பேருந்து நேரம் வேண்டும். அந்த ஒற்றை வாக்கியம் அவருக்காக. கட்டணத்தை மட்டும் எண்ணாகச் சொல்லக் கூடாது. டிரைலர் ஓராண்டாவது இருக்கும், அதற்குள் கட்டணம் மாறலாம். அதேபோல 'வரும் பொங்கலுக்கு', 'இதுவரை பத்து ஊர்' என்று பழசாகிப்போகும் எதுவும் வேண்டாம்.

43 முதல் 51 நொடி வரை. காட்சி: வேறொரு பேருந்தின் பெயர்ப்பலகை மாறுகிறது, படியில் யாரோ ஏறுகிறார்கள். குரல்: "மாசத்துல மொத சனி, மூணாவது சனி, காலைல ஏழு மணிக்கு ஒரு பஸ். ஏறணும்னா சப்ஸ்கிரைப் பண்ணிக்கோங்க." 13 சொல். 'விரைவில்' என்றோ 'அடிக்கடி' என்றோ சொன்னால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வாரம் ஒன்று என்று சொல்லத்தான் ஆசை வரும். தனியாகப் பேருந்தில் போய், தங்கி, எடுத்து, வெட்டி, குரல் சேர்க்கும் ஒருவரால் வாராவாரம் முடியாது. மூன்றாவது வாரமே தவறினால், டிரைலரில் சொன்னது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் பொய்யாகிவிடும். சந்தா கேட்பது ஒரே ஒரு முறை, கடைசியில், எதற்காக என்ற காரணத்தோடு. லைக், ஷேர், பெல் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் பார்ப்பவர் எதையும் செய்வதில்லை.

51 முதல் 56 வரை பேச்சில்லை. கொல்லிமலை வளைவில் பேருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது, திரையில் முதல் வீடியோவுக்கான இணைப்பு. இப்படி முடிவில் இணைப்பு வைக்க வீடியோ குறைந்தது 25 நொடி இருக்க வேண்டும், இணைப்பு 5 நொடியாவது நிற்க வேண்டும். நம்முடையது இரண்டுக்கும் பொருந்துகிறது. மொத்தம் 67 சொல், 56 நொடி.

காதுக்கு வரும் சிக்கல்

பேருந்தில் எடுக்கும் ஒலியில் மூன்று எதிரிகள்: என்ஜின், காற்று, பாட்டு. முதல் இரண்டுக்கு வழி எளிது. பின்னணிக் குரலைப் பேருந்தில் பதிவுசெய்யாமல் வீட்டில், மெத்தையும் போர்வையும் நிறைந்த சின்ன அறையில், கைபேசியை வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசினாலே தெளிவாக வரும். பேருந்துச் சத்தத்தைத் தனியாகப் பதிந்து அடியில் மெலிதாக ஓடவிடலாம். ஜன்னலோரம் முகம் காட்டிப் பேசும் 15 நொடிக்கு மட்டும் சட்டையில் மாட்டும் மைக்கும், அதன்மேல் ரோமம் போன்ற காற்றுத் தடுப்பு உறையும் வேண்டும். பேருந்து நிற்கும் நேரத்தில் பேசினால் இன்னும் நல்லது.

மூன்றாவது எதிரி தனியாகப் பேச வேண்டியவர். நம் ஊர்ப் பேருந்துகள் சிலவற்றில் இளையராஜா பாட்டு ஓடும். ஓட்டுநர் போட்ட பாட்டு காட்சியோடு சேர்ந்து பதிவாகும்போது அவ்வளவு பொருத்தமாக இருக்கும், வெட்டவே மனம் வராது. ஆனால் வீடியோ ஏறியதும் இசை உரிமையாளரின் சார்பில் உரிமைக் கோரல் வந்துவிடும். மற்ற வீடியோக்களில் இதனால் பெரும்பாலும் வருமானம்தான் போகும். டிரைலரில் இழப்பு வேறு மாதிரி. சேனல் முகப்பில் டிரைலராக ஓடும்போது பொதுவாக அதன்மேல் விளம்பரம் வராது, பிறர் உரிமை கோரிய இசையோ காட்சியோ உள்ளே இருந்தால் வரலாம். முன்பின் தெரியாதவர் சேனலுக்குள் காலெடுத்து வைத்ததும் சோப்பு விளம்பரம் எதிர்ப்பட்டால், நாம் பாடுபட்டு எழுதிய முதல் ஐந்து நொடிக்கு மதிப்பே இல்லை. ஆகவே நடத்துநரின் குரலைப் பதியும் அந்த நிமிடத்துக்கு மட்டும் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். காரணம் சொன்னால் நிறுத்துவார்கள்.

ஒலியே இல்லாமல் பார்ப்பவர்களும் நிறையப் பேர். அவர்களுக்காகப் பேச்சு முழுவதும் தமிழ் எழுத்தில் திரையில் வர வேண்டும். திரையின் அடிவிளிம்பில் வைத்தால் யூடியூபின் கட்டுப்பாட்டுப் பட்டை மறைக்கும், கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள். நடத்துநரின் வசனத்துக்கும் எழுத்து அவசியம். வேறு மாவட்டத்துக்காரருக்கு அந்தப் பேச்சு வேகம் பிடிபடாமல் போகலாம்.

கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்தீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 15 முதல், செங்குத்தாகவோ சதுரமாகவோ எடுத்து ஏற்றப்படும் மூன்று நிமிடம் வரையிலான வீடியோக்களை யூடியூப் குறு வீடியோக்களின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. நாம் செய்வது 56 நொடி என்பதால் செங்குத்தாக இருந்தால் அங்கேதான் போய்ச் சேரும்.

தெரியாதவரிடமே கேளுங்கள்

எழுதி, வெட்டி, ஒலி சேர்த்தாகிவிட்டது. வீட்டாரும் நண்பர்களும் பார்த்து "சூப்பர்" என்பார்கள். அது அன்பு, அதில் தகவல் இல்லை. அவர்களுக்கு உங்களைத் தெரியும் என்பதால் டிரைலரில் விட்டுப்போனதை அவர்களே மனதில் நிரப்பிக்கொள்கிறார்கள். உங்களைத் தெரியாத நான்கைந்து பேரைப் பிடியுங்கள். தேநீர்க் கடையில், பேருந்து நிலையத்தில், யாராக இருந்தாலும் சரி. எந்த விளக்கமும் தராமல் ஒரு முறை காட்டிவிட்டு, "பிடிச்சிருக்கா?" என்று கேட்காமல் இதைக் கேளுங்கள்: "இந்த சேனல்ல அடுத்த வீடியோ என்னவா இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

"ஏதோ ஊர் ஊரா சுத்துறாரு" என்றால் டிரைலர் வேலை செய்யவில்லை. பெரும்பாலும் 5 முதல் 13 நொடிக்குள் இருக்கும் கரு வாக்கியம் காதில் விழவில்லை என்று பொருள். இசை அதை மூடியிருக்கலாம், வேகமாகப் பேசியிருக்கலாம். "கடலோர மீனவ ஊரா காட்டுவாரு" என்றால் மூன்று ஊர்களில் கடலே மிகுந்துவிட்டது, கொல்லிமலைக்கு ஒரு நொடி கூட்ட வேண்டும். "இன்னொரு பஸ்ல கடைசி ஊருக்குப் போவாரு, எங்க ஊர் பஸ்கூட அப்படித்தான் ஒரு மலைக்குப் போகுது" என்று யாராவது சொன்னால் எழுத்தைத் தொடாதீர்கள். அவர் அடுத்த வீடியோவைத் தன் ஊரிலேயே வைத்து யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

ஏற்றிய பிறகு ஸ்டூடியோவின் Analytics பகுதியில், ஒவ்வொரு நொடியிலும் எவ்வளவு பேர் மிஞ்சினார்கள் என்று காட்டும் கோடு கிடைக்கும். முதல் சில நொடிகளில் கோடு இறங்குவது எல்லா வீடியோவிலும் நடப்பது, அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். மெதுவாகச் சரியும் கோடும் பரவாயில்லை. ஏதாவது ஒரு நொடியில் சட்டென்று விழுந்திருந்தால் அங்கேதான் நோய். 28-ஆவது நொடியில் விழுந்தால், முகம் வந்ததும் பேச்சின் தொனி மாறிவிட்டது, அதுவரை இயல்பாக இருந்த குரல் மேடைக் குரலாகிவிட்டது என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். 43-இல் விழுவது இயல்பு, சந்தா கேட்கிறார் என்று தெரிந்ததும் சிலர் கிளம்புவார்கள். அவர்களில் சிலர் கிளம்புவது கீழே உள்ள வீடியோவுக்காகவும் இருக்கலாம்.

இந்தக் கோட்டைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். டிரைலர் சாதாரண வீடியோவாகவும் சேனலில் இருப்பதால், நண்பர்கள் வாட்ஸ்அப்பில் பகிர்ந்து பார்த்த பார்வைகளும் இதில் கலந்திருக்கும். அவர்கள் கடைசிவரை பார்ப்பார்கள், கோடு அழகாகத் தெரியும். பார்வை எங்கிருந்து வந்தது என்ற பட்டியலில் Channel pages என்று ஒரு வரி உண்டு. சேனல் பக்கத்துக்கே வந்து பார்த்தவர்களின் கணக்கு அதில் இருக்கிறது. அந்த எண்ணிக்கை ஓரளவு சேரும்வரை எதையும் மாற்றாமல் காத்திருப்பது நல்லது. இருபது பேரின் விரல் அசைவை வைத்து ஒரு வரியை வெட்டினால், நல்ல வரியையே வெட்டிவிட வாய்ப்பு அதிகம்.

எப்போது இந்த டிரைலரை எடுத்துவிட்டு வேறு எழுத வேண்டும்? ஊர்கள் கூடியதற்காக மாற்ற வேண்டாம், 30 ஊர் ஆனாலும் அந்த மூன்று ஊர் போதும். சேனலின் விதி மாறினால் மாற்றியே ஆக வேண்டும். குமார் ஒருநாள் பாசஞ்சர் ரயிலிலும் ஏறத் தொடங்கினாலோ, கேரளப் பேருந்துகளுக்குப் போனாலோ, மாதம் இரண்டு என்பது ஒன்றாகக் குறைந்தாலோ, அந்த வாரமே குரலைத் திருத்திப் புதிதாக ஏற்ற வேண்டும். அதுவரை, டிரைலருக்கு நேர் கீழே உள்ள வரிசையில் கோடிக்கரை, கொல்லிமலை, பழவேற்காடு மூன்றையும் அதே ஒழுங்கில் அடுக்கி வைத்தால் போதும். டிரைலரில் பார்த்த மீன் ஏலத்தை முழுதாகப் பார்க்க நினைப்பவர் தேட வேண்டியிருக்காது.